கட்டத்தாளில் நிரல் வெக்டர்: கூட்டல், எண்ணால் பெருக்கல், நீளம்

கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ, சிங்கப்பூர் ஓ லெவல் கணக்கில் வெக்டர் பாடம் வந்ததும் முதலில் கைக்கு வருவது ஒரு பயிற்சித்தாள். கட்டம் போட்ட தாளில் நாலைந்து அம்புகள் வரைந்திருக்கும். அவற்றை நிரல் வடிவில் எழுது, கூட்டு, இரண்டால் பெருக்கு, நீளம் காண் என்று கேட்டிருப்பார்கள். தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் மாணவருக்கு இதே சங்கதி 3i + 2j என்ற உருவில் பழக்கம். இங்கே i, j இல்லாமல் எண்கள் மட்டும் மேலும் கீழுமாக நிற்கும், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. ஆனாலும் மதிப்பெண் போகிறது. போகும் இடம் பெரும்பாலும் ஒன்றே: வெக்டர் சொல்வது ஒரு நகர்வை, ஓர் இடத்தை அல்ல என்பது மனதில் நிற்காமல் போவது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே பயிற்சித்தாளை எடுத்துக்கொண்டு முதல் கேள்வி முதல் கடைசி வரை போட்டுப் பார்க்கலாம். கட்டத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே வரைந்தால்தான் இது பயன்படும்.

தாளைத் தயார் செய்வது

கிடையாகவும் செங்குத்தாகவும் 0 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரு கட்டம் வரையுங்கள். அதில் மூன்று அம்புகள்:

a: (1, 1) இல் தொடங்கி (4, 3) இல் முடிகிறது.
b: (7, 6) இல் தொடங்கி (8, 2) இல் முடிகிறது.
c: (6, 5) இல் தொடங்கி (2, 8) இல் முடிகிறது.

அம்புமுனையை முடியும் இடத்தில் தெளிவாகப் போடுங்கள். முனை இல்லாத கோடு வெறும் கோட்டுத்துண்டு. அதற்கு நீளம் உண்டு, திசை கிடையாது. அச்சில் வெக்டரின் பெயரைத் தடித்த எழுத்தில் போடுவார்கள். கையால் எழுதும்போது தடிப்பாக எழுத முடியாது என்பதால் எழுத்தின் அடியில் ஒரு கோடு போடுவது வழக்கம். அந்தக் கோட்டை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்வது நல்லது. பின்னால் 2a + b, k = 3 என்று எண்ணும் வெக்டரும் கலந்து வரும்போது எது எது என்று தெரிய அதுதான் உதவும்.

அம்பை நிரலாக எழுதுவது

அம்பின் தொடக்கத்தில் பென்சில் முனையை வையுங்கள். முதலில் கிடையாக மட்டும் நகர்ந்து முடிவுப்புள்ளிக்கு நேராக வாருங்கள். அப்புறம் செங்குத்தாக நகர்ந்து அதை எட்டுங்கள். வலப்பக்கம் போனால் கூட்டல் குறி, இடப்பக்கம் கழித்தல். மேலே கூட்டல், கீழே கழித்தல். கிடை நகர்வு மேலே, செங்குத்து நகர்வு கீழே.

a-வுக்கு (1, 1) இலிருந்து வலப்பக்கம் 3, மேலே 2. b-க்கு வலப்பக்கம் 1, கீழே 4. c-க்கு இடப்பக்கம் 4, மேலே 3.

```
a = ( 3 )   b = (  1 )   c = ( -4 )
    ( 2 )       ( -4 )       (  3 )
```

எழுதும்போது இரண்டு எண்ணுக்கும் நடுவே கோடு போடக்கூடாது. போட்டால் அது 3/2 போன்ற பின்னமாகிவிடும். காற்புள்ளியும் வேண்டாம்.

எண்ணும்போது ஒரு சறுக்கல் அடிக்கடி நடக்கும். நின்ற இடத்தையே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கி, a-வுக்கு 4, 3 என்று எழுதிவிடுவார்கள். நாம் எண்ண வேண்டியது கோடுகளை அல்ல, கோடுகளுக்கு நடுவே உள்ள கட்டங்களை. சந்தேகம் வந்தால் ஆயத்தொலைவுகளை வைத்துச் சரிபாருங்கள்: முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழிக்க வேண்டும். a-வுக்கு 4 − 1 = 3, 3 − 1 = 2. c-க்கு 2 − 6 = −4, 8 − 5 = 3. தொடக்கத்திலிருந்து முடிவைக் கழித்தால் இரண்டு குறிகளும் தலைகீழாகிவிடும். நிரலில் இரண்டு குறியும் தவறாக இருந்தால் அம்பைத் திருப்பிப் படித்திருக்கிறார் என்று உடனே கண்டுகொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே செய்து பாருங்கள். (5, 8) இல் தொடங்கி (8, 10) இல் முடியும் அம்பை வரையுங்கள். அதற்கும் வலப்பக்கம் 3, மேலே 2. அதாவது அதுவும் a-தான். தாளின் வேறு மூலையில் இருப்பதால் அது வேறு வெக்டர் ஆகிவிடாது. கூட்டல் முழுக்க இந்த உரிமையை நம்பித்தான் நடக்கிறது: அம்பைத் திருப்பாமல், நீட்டாமல், வேண்டிய இடத்துக்கு எடுத்துப்போகலாம்.

கூட்டல்

எண்களில் இது ஒரே வரி. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்ட வேண்டும்.

```
a + b = ( 3 + 1    ) = (  4 )
        ( 2 + (-4) )   ( -2 )
```

படத்தில் செய்வதற்குப் புதிய கட்டம் ஒன்று போடுங்கள். (1, 5) இல் தொடங்கி a-வை வரைந்தால் (4, 7) இல் முடியும். இப்போது b-ஐ அதன் பழைய இடத்தில் விடாமல், a முடிந்த (4, 7) இலிருந்து தொடங்குங்கள். வலப்பக்கம் 1, கீழே 4. (5, 3) வந்து சேருகிறது. முதல் தொடக்கமான (1, 5) இலிருந்து கடைசி முடிவான (5, 3) வரை நேராக ஓர் அம்பு போட்டால் அதுதான் a + b. வலப்பக்கம் 4, கீழே 2 என்று எண்ணிப் பாருங்கள், மேலே கிடைத்த நிரலோடு பொருந்தும்.

பலர் a-வையும் b-ஐயும் ஒரே புள்ளியில் தொடங்கி வரைந்து, இரண்டு முனைகளையும் இணைத்து அதைக் கூட்டல் என்பார்கள். அப்படிக் கிடைப்பது கூட்டல் அல்ல, கழித்தல். ஒன்றன் முனையில் மற்றது தொடங்க வேண்டும். சரிபார்க்க ஒரு நல்ல வழி, வரிசையை மாற்றி வரைவது. அதே (1, 5) இலிருந்து முதலில் b போட்டால் (2, 1). அங்கிருந்து a போட்டால் (5, 3). அதே இடத்துக்கு வந்துவிட்டோம். இரண்டு வழிகளும் சேர்ந்து ஓர் இணைகரம் ஆகும். a + b அதன் மூலைவிட்டம். இரண்டு வழியும் ஒரே புள்ளியில் முடியவில்லை என்றால் எங்கோ ஓர் அம்பு ஒரு கட்டம் நீண்டோ குறைந்தோ இருக்கிறது.

கழித்தலைத் தனி விதியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். a − b என்பது a + (−b). −b என்றால் b-இன் இரண்டு குறிகளையும் மாற்றுவது, அதாவது அம்பைத் திருப்புவது: இடப்பக்கம் 1, மேலே 4.

```
a - b = ( 3 - 1    ) = ( 2 )
        ( 2 - (-4) )   ( 6 )
```

2 − (−4) என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். அங்கே −2 என்று எழுதியவர் கழித்தல் குறிகளில் ஒன்றை விட்டுவிட்டார். படத்தில் (1, 2) இல் தொடங்கினால் a நம்மை (4, 4) இல் விடும், −b அங்கிருந்து (3, 8) இல் விடும். அம்பு நன்றாக மேலே ஏறுகிறது. கீழ் எண்ணை −2 என்று எழுதியவருக்கு இந்தப் படமே தப்பைக் காட்டிவிடும்.

எண்ணால் பெருக்கல்

2a என்றால் a-வை அடுத்தடுத்து இரண்டு முறை நடப்பது. அதனால் மேல் எண், கீழ் எண் இரண்டும் இரண்டால் பெருகும்.

```
2a = ( 6 )    -a = ( -3 )    (1/2)c = ( -2  )
     ( 4 )         ( -2 )             ( 1.5 )
```

மேல் எண்ணை மட்டும் பெருக்கி 6, 2 என்று விட்டுவிடுவது பொதுவான தப்பு. வரைந்தால் அது தெரியும்: 6, 2 என்ற அம்பு a-வைவிடச் சாய்ந்து படுத்திருக்கும். சரியான 2a, a-வுக்கு இணையாக இருக்கும், அதன் நட்டநடுப் புள்ளி a முடியும் இடத்தில் விழும். (1, 4) இல் தொடங்கி 2a வரைந்தால் (7, 8) வரை போகும். நடுவில் (4, 6) என்ற கட்டமூலையைத் தொட்டுக்கொண்டே போகும். தொடவில்லை என்றால் அது 2a இல்லை.

பெருக்கும் எண் கழித்தலாக இருந்தால் அம்பு திரும்பிவிடும். ஒன்றைவிடச் சிறிய பின்னமாக இருந்தால் சுருங்கும். பாதி c-யில் வரும் 1.5 ஐப் பார்த்துத் தயங்க வேண்டாம். கட்டத்தின் நடுவில் முடியும் அம்புக்குத் தடை எதுவும் இல்லை.

இப்போது இரண்டையும் சேர்த்து 2a + b. பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு.

```
2a + b = ( 6 + 1 ) = ( 7 )
         ( 4 - 4 )   ( 0 )
```

(1, 4) இலிருந்து 2a நம்மை (7, 8) க்குக் கொண்டுபோகும், b அங்கிருந்து (8, 4) க்கு இறக்கும். தொடங்கிய உயரத்திலேயே முடிந்திருக்கிறோம், விடை படுக்கையான அம்பு. கீழே வரும் 0 ஐ எழுதாமல் 7 என்று மட்டும் விட்டுவிடக்கூடாது. 7 என்பது எண்; மேலே 7, கீழே 0 என்பதுதான் வெக்டர்.

நீளம்

a-வின் நீளத்தை |a| என்று எழுதுவார்கள். பாடப்புத்தகங்களில் எண்ணளவு என்றும் இருக்கும். (1, 1) இலிருந்து கிடையாக 3, செங்குத்தாக 2 நகர்ந்தீர்களே, அந்த இரண்டு கோடுகளையும் லேசாக வரையுங்கள். செங்கோண முக்கோணம் ஒன்று கிடைக்கும். அம்பு அதன் கர்ணம். ஆகவே பிதாகரஸ் தேற்றம்:

```
|a| = √(3² + 2²) = √13 = 3.61
|b| = √(1² + (-4)²) = √17 = 4.12
|c| = √((-4)² + 3²) = √25 = 5
```

அலகு கட்டம். ஒரு கட்டத்தின் பக்கம் ஒரு அலகு. அளவுகோலை வைத்து அளந்து சென்டிமீட்டரில் எழுதினால், கட்டம் சரியாக 1 செ.மீ. ஆக இருந்தால் மட்டுமே பொருந்தும். அச்சுப்பொறி பக்கத்துக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கியிருந்தால் அது மாறிவிடும். ஆகவே அளவுகோல் வேண்டாம். சாய்வாகப் போகும் அம்பு கடந்த கட்டங்களை எண்ணுவதும் வேண்டாம்: ஒரு கட்டத்தின் மூலைவிட்டமே √2, அதாவது 1.41 அலகு.

கால்குலேட்டரில் நடக்கும் ஒரு தப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சத்தமில்லாமல் நடக்கும். அடைப்புக்குறி இல்லாமல் `-4²` என்று தட்டினால் பொதுவாகக் கிடைப்பது −16, ஏனென்றால் கருவி முதலில் 4 ஐ வர்க்கமாக்கி அப்புறம்தான் கழித்தல் குறியைப் போடுகிறது. b-க்கு இப்படித் தட்டினால் 1 − 16 = −15; அதன் வர்க்கமூலம் கேட்கும்போது கேசியோ கருவி `Math ERROR` காட்டிவிடும். அது நல்லதே, தப்பு தெரிந்துவிட்டது. ஆனால் a + c ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது மேலே −1, கீழே 5.

```
√(-1² + 5²)   →  √24 = 4.90   தவறு
√((-1)² + 5²) →  √26 = 5.10   சரி
```

முதல் வரியில் எந்த எச்சரிக்கையும் வராது, விடையும் நம்பும்படி இருக்கும். இதைப் பிடிக்க ஒரு சோதனை போதும். கர்ணம்தான் செங்கோண முக்கோணத்தின் பெரிய பக்கம். ஆகவே நீளம், நிரலில் உள்ள பெரிய எண்ணைவிடக் குறையக்கூடாது (குறியைப் பார்க்க வேண்டாம்). இரண்டு எண்களின் கூட்டுத்தொகையைத் தாண்டவும் கூடாது. இங்கே நீளம் 5 க்கும் 6 க்கும் நடுவே இருக்க வேண்டும். 4.90 வெளியே விழுந்துவிட்டது. ஒவ்வொரு நீளத்தையும் எழுதியதும் இந்த ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கழித்தல் குறி இருந்தால் தட்டாமல் விட்டுவிடுவதும் ஒரு வழிதான். வர்க்கமாக்கினால் எப்படியும் மறைந்துவிடும் குறி அது.

நீளம் பற்றி இன்னும் இரண்டு விஷயம். முதலாவது, நீளங்களைக் கூட்ட முடியாது. |a| 3.61, |b| 4.12, கூட்டினால் 7.73. ஆனால் a + b-இன் நீளம் √(16 + 4) = √20 = 4.47. இரண்டு அம்புகளும் ஒரே திசையில் போனால் மட்டுமே நீளங்கள் கூடும். மற்றபடி நேர்வழி எப்போதும் குறுகியது. கேள்வியில் |a + b| என்று இருந்தால் முதலில் நிரல்களைக் கூட்டுங்கள், நீளம் கடைசியில்.

இரண்டாவது, எண்ணால் பெருக்கும்போது நீளம் அதே மடங்கு பெருகும். |2a| = 2√13. ஆனால் 3.61 ஐ இரட்டிப்பாக்கினால் 7.22, உண்மையில் √52 = 7.21. முன்னதாகவே தசமத்தைச் சுருக்கியதால் வந்த வித்தியாசம் இது. ஐஜிசிஎஸ்இ தாளில் மூன்று முக்கிய இலக்கங்களுக்குத் திருத்தமாக விடை கேட்பதால் அந்தக் கடைசி இலக்கத்துக்கு மதிப்பெண் போகும். √13 ஐ அப்படியே வைத்திருந்து கடைசி வரியில் மட்டும் தசமமாக்குங்கள். −2a-வின் நீளமும் 2√13 தான். அம்பு திரும்பினாலும் நீளம் கழித்தலாகாது.

தாளின் கடைசிக் கேள்வி

பயிற்சித்தாளின் கடைசியில் பெரும்பாலும் திருப்பிக் கேட்பார்கள். (2, 9) இலிருந்து (7, 3) வரை p என்ற அம்பு இருக்கிறது. அதை a, b வழியாக எழுது. p-யின் நிரல் மேலே 5, கீழே −6. எத்தனை a, எத்தனை b சேர்ந்தால் இது வரும்? m முறை a, n முறை b என்று வைத்தால் மேல் வரிக்கு ஒரு சமன்பாடு, கீழ் வரிக்கு ஒரு சமன்பாடு:

```
3m + n  = 5
2m - 4n = -6
```

முதல் வரியை நான்கால் பெருக்கி இரண்டாவதோடு கூட்டினால் 14m = 14. m = 1, n = 2. ஆகவே p = a + 2b. படத்தில் முதலில் a போட்டால் (5, 11) என்று கட்டத்துக்கு வெளியே போய்விடும். வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதால் b-இல் தொடங்குங்கள்: (2, 9), (3, 5), (4, 1), அப்புறம் a போட்டு (7, 3). சரியாக முடிகிறது.

a-வும் b-யும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இந்த வேலை பொதுவாக நடக்காது. அவற்றைக் கொண்டு ஒரே கோட்டில் முன்னும் பின்னும் போகலாமே தவிர, அந்தத் திசையை விட்டு விலக முடியாது.

நீங்களே போட்டுப் பாருங்கள்

d: (5, 1) இலிருந்து (3, 6) வரை. e: (2, 9) இலிருந்து (8, 8) வரை. இரண்டின் நிரலையும் எழுதி, d + e, e − d, 3d, பாதி e ஆகியவற்றையும் ஒவ்வொன்றின் நீளத்தையும் காணுங்கள். கீழே பார்ப்பதற்கு முன் வரைந்துவிடுங்கள்.

```
d = ( -2 )    e = (  6 )
    (  5 )        ( -1 )

d + e  = ( 4 )     நீளம் √32 = 5.66
         ( 4 )

e - d  = (  8 )    நீளம் 10
         ( -6 )

3d     = ( -6 )    நீளம் √261 = 16.2
         ( 15 )

(1/2)e = (  3   )  நீளம் √9.25 = 3.04
         ( -0.5 )
```

e − d க்கு மேலே 4, கீழே −6, நீளம் 7.21 என்று வந்திருந்தால் 6 − (−2) ஐ 6 − 2 ஆக எடுத்திருக்கிறீர்கள். மேலே −8, கீழே 6 வந்திருந்தால் d − e ஐக் கண்டிருக்கிறீர்கள். நீளம் 10 சரியாகவே இருக்கும், அம்பு மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கும். 3d-யின் நீளம் 16.2 என்று வராவிட்டால், மூன்றால் பெருக்கும்போது கீழ் எண்ணையோ மேல் எண்ணையோ விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்: −6, 5 என்ற நிரலின் நீளம் √61, அதாவது 7.81, −2, 15 என்றால் √229, அதாவது 15.1. இந்த இரண்டில் எது உங்கள் விடையோ, அந்த நிரலில் மூன்றால் பெருகாமல் நிற்கும் எண்ணில்தான் தப்பு.